மணலி கம்பெனியிடம் 16ஏ கேட்டு மெயில்: ஒரு காலாண்டு 26ஏஎஸ்-ல் இல்லை, என்ன எழுதணும்?

பெரம்பூர்_டிராயிங் | 20 ஜூன் 2025, காலை 9:10

வணக்கம். மெக்கானிக்கல் டிராயிங் போட்டுக் கொடுக்கும் தனியாள் தொழில் என்னுடையது. மணலியில் உள்ள ஒரு ஃபேப்ரிகேஷன் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு 2024-25-ல் நாலு பில் கொடுத்தேன். எல்லாவற்றிலும் 10% டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பினார்கள்.

மே 2024: பில் 40,000, வந்தது 36,000
ஆகஸ்ட் 2024: பில் 45,000, வந்தது 40,500
நவம்பர் 2024: பில் 45,000, வந்தது 40,500
28 மார்ச் 2025: பில் 60,000, வந்தது 54,000 (பணம் வந்த தேதி 12 ஏப்ரல்)

ஒரு காலாண்டுக்கும் டிடிஎஸ் சான்றிதழான 16ஏ தரவில்லை. அக்கவுண்ட்ஸுக்கு அனுப்ப இப்படி ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன்: “ஐயா, சென்ற ஆண்டுக்கான டிடிஎஸ் சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை. விரைவில் அனுப்பி உதவும்படி கேட்டுக்கொள்கிறேன்.” இது போதுமா? அங்கே எல்லாருமே தமிழில்தான் மெயில் எழுதுவார்கள், அதனால் மொழி பிரச்சினை இல்லை.

கொருக்ஸ்_குமார் | காலை 9:32

ப்ரோ, 16ஏ-வே தேவையில்லை. ரிட்டர்னோட எந்தச் சான்றிதழும் இணைக்கிறது கிடையாது. நம்ம பான்ல ஏறின வரியைக் காட்டுற 26ஏஎஸ்-ல வந்திருந்தா அதை வச்சு கிளெய்ம் பண்ணிட்டுப் போயிட்டே இருக்கலாம். அந்த கம்பெனிக்கு மெயில் போட்டு அவங்களை ஏன் தொந்தரவு பண்றீங்க?

திருவொற்றியூர்_சப்ளையர் | காலை 9:50

ஜிஎஸ்டி போர்ட்டல்ல உங்க லாகின்லயே டிடிஎஸ் வரவு காட்டும், அக்செப்ட் கொடுத்தா கேஷ் லெட்ஜர்ல ஏறிடும். சான்றிதழும் அங்கேயே இறக்கிக்கலாம். மெயிலே வேண்டாம்.

ராயபுரம்_லெட்ஜர் | காலை 10:25

சப்ளையர் சார், நீங்கள் சொல்வது ஜிஎஸ்டி சட்டத்தில் பிடிக்கும் 2%. அரசுத் துறைகள், உள்ளாட்சி மாதிரியான இடங்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஒப்பந்தம் போட்டால் பிடிப்பது. இவருடையது வருமான வரியில் 194ஜே பிரிவு. இரண்டுக்கும் ஒட்டு உறவு கிடையாது.

குமார் தம்பி சொன்னது பாதி சரி. வரவு கிடைப்பது 26ஏஎஸ்-ல் இருக்கும் தொகைக்குத்தான், ரிட்டர்னோடு எதையும் இணைக்கவும் வேண்டாம். ஆனால் ஒரு காலாண்டு 26ஏஎஸ்-ல் ஏறவே இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? அதற்கு கம்பெனி தரப்பில்தான் வேலை நடக்க வேண்டும். 16ஏ கேட்பதுதான் அந்த வேலையைத் தொடங்க வைக்கும் வழி. டிடிஎஸ்ஸுக்கான டிரேசஸ் தளத்திலிருந்து 16ஏ இறங்க வேண்டுமென்றால் கம்பெனி பிடித்த பணத்தைக் கட்டி, 26கியூ என்ற காலாண்டு டிடிஎஸ் படிவம் போட்டு, அதில் உங்கள் பான் சரியாக இருந்தாக வேண்டும். அதனால் 16ஏ கேட்டாலே அந்த மூன்றும் சேர்ந்து சரிபார்க்கப்படும்.

பெரம்பூர் தம்பி, மெயிலைத் திருத்துவதற்கு முன் 26ஏஎஸ்-ஐப் பாருங்கள். வருமான வரித் தளத்தில் e-File, அதில் Income Tax Returns, அதில் View Form 26AS. அங்கிருந்து டிரேசஸுக்குப் போகும். நிதியாண்டு 2024-25, அதாவது மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்று கொடுங்கள். கம்பெனி பெயருக்குக் கீழே எத்தனை வரி இருக்கிறது, ஒவ்வொன்றிலும் தேதி என்ன, Status of Booking பத்தியில் என்ன எழுத்து இருக்கிறது என்று இங்கே போடுங்கள். டிடிஎஸ் பிடிப்பவருக்குத் தரப்படும் டான் எண், அதாவது கம்பெனியினுடையது, அங்கேயே இருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இங்கே போட வேண்டாம்.

பெரம்பூர்_டிராயிங் | காலை 11:05

பார்த்துவிட்டேன் சார். இரண்டே வரிதான் இருக்கிறது. மே மாதத்துக்கு 40,000-க்கு 4,000, ஆகஸ்டுக்கு 45,000-க்கு 4,500. இரண்டிலும் F. நவம்பர் இல்லை, மார்ச்சும் இல்லை.

ராயபுரம்_லெட்ஜர் | காலை 11:48

F என்றால் பணம் கட்டியதும் 26கியூ-வும் பொருந்திவிட்டது. முதல் இரண்டு காலாண்டில் சிக்கல் இல்லை, அதற்கு 16ஏ வாங்குவது கோப்பில் வைக்க மட்டும்தான்.

நவம்பர் வரியில் U என்று இருந்திருந்தால் 26கியூ போட்டிருக்கிறார்கள், சலான் பொருந்தவில்லை என்று புரிந்துகொள்ளலாம். வரியே இல்லையென்றால் காரணம் இரண்டுதான். ஒன்று, மூன்றாம் காலாண்டு 26கியூ இன்னும் போடவில்லை. இல்லாவிட்டால் போட்ட 26கியூ-வில் உங்கள் வரி விட்டுப்போயிருக்கிறது அல்லது தப்பான பானில் ஏறியிருக்கிறது. எது என்று வெளியிலிருந்து உங்களுக்குத் தெரியாது. அந்தக் காலாண்டு 26கியூ-வின் டோக்கன் எண்ணைக் கேளுங்கள். எண் கொடுத்தால் 26கியூ போட்டாயிற்று, தப்பு உங்கள் வரியில் இருக்கிறது. ‘ஆடிட்டரைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று இழுத்தால் பெரும்பாலும் போடவில்லை.

போடாமல் இருந்தால் ஏன் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாம் காலாண்டுக்குக் கடைசித் தேதி 31 ஜனவரி. அதற்குப் பின் நாளுக்கு 200 ரூபாய் 234இ கட்டணம். இன்றைக்கு 140 நாள் ஆகிறது, 28,000 ரூபாய். அந்த 26கியூ-வில் உள்ள மொத்த டிடிஎஸ் தொகையைத் தாண்டாது என்பதுதான் ஒரே வரம்பு. உங்கள் 4,500 ரூபாய்க்காக 28,000-ஐ முதலாளியிடம் போய்ச் சொல்ல அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்குத் தயக்கமாகத்தான் இருக்கும். அவரைக் குற்றம் சாட்டும் தொனியில் மெயில் போனால் இன்னும் அமைதியாகிவிடுவார்.

வியாசை_வேலு | நண்பகல் 12:10

சார் ரொம்ப மென்மையா சொல்றீங்க. 16ஏ தராம இருந்தா நாளுக்கு 500 ரூபாய் அபராதம்னு 272ஏ-ல இருக்கு. மூணாம் காலாண்டு சான்றிதழ் பிப்ரவரி 15-க்கே வந்திருக்கணும். முதல் மெயில்லயே அதை எழுதி, வருமான வரித் துறையில புகார் கொடுப்பேன்னு போட்டா மறுநாளே வரும்.

அப்புறம் இன்னொண்ணு. டிராயிங் வேலைக்கு 10% பிடிச்சதே தப்பு. அது கான்ட்ராக்ட், 194சி, தனிநபருக்கு 1% தான்.

ராயபுரம்_லெட்ஜர் | நண்பகல் 12:40

அபராதம் இருப்பது உண்மை. பிடித்த வரித் தொகைக்கு மேல் போகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், 4,500-க்கு 4,500 தான். அதை விதிப்பது அதிகாரி, நாம் இல்லை. அடுத்த பில்லும் இதே கம்பெனிக்குத்தான் போடப் போகிறார் என்றால் அதை முதல் மெயிலில் வைப்பது சரியில்லை. இரண்டாவது மெயிலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

10% விஷயம்: இன்ஜினியரிங் தொழில் 194ஜே-வில் பெயர் சொல்லியே இருக்கிறது. தன் படிப்பையும் அனுபவத்தையும் வைத்து டிசைன் செய்து கொடுத்தால் 10% பிடிப்பது நியாயம். கொடுத்ததை அப்படியே வரைந்து தரும் வேலை என்றால் வாதாட இடமுண்டு. எப்படியானாலும் பிடித்தது உங்கள் வரவுதான், கூடுதலாக இருந்தால் ரீஃபண்ட். விகிதத்தைப் பற்றி இந்த மெயிலில் ஒரு வார்த்தையும் வேண்டாம். இரண்டு கேள்வி ஒரே மெயிலில் போனால் சுலபமானதற்கு மட்டும் பதில் வரும்.

வண்ணை_வாசுகி | மதியம் 1:15

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு லேபிள் டிசைன் செய்து கொடுத்தேன். கடை ஒரு தனி ஆள் பெயரில். 25,000 பில்லில் ‘டிடிஎஸ்’ என்று 2,500 பிடித்துக்கொண்டார். 26ஏஎஸ்-ல் ஒன்றும் இல்லை. டான் எண் கேட்டால் ‘அதெல்லாம் எங்களுக்குக் கிடையாது’ என்கிறார். நானும் இதே மாதிரி 16ஏ மெயில் போடலாமா?

ராயபுரம்_லெட்ஜர் | மதியம் 1:40

வேண்டாம் மேடம். உங்களுடையது வேறு விஷயம். டான் இல்லாமல் 194ஜே-வில் வரி கட்டவே முடியாது, அதனால் அவர் பிடித்தது வரியாகவே போகவில்லை, உங்கள் பில்லில் பாக்கியாக நிற்கிறது. தனிநபர் வியாபாரி முந்தின வருட விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டியிருந்தால்தான் இந்தப் பிரிவில் பிடிக்க வேண்டும். அதோடு 2024-25-ல் 194ஜே வரம்பு ஒரு வருடத்துக்கு 30,000, இந்த ஏப்ரல் முதல் 50,000. அந்த வருடம் இந்த ஒரு பில் மட்டும்தான் என்றால் எப்படியும் பிடிக்கத் தேவையில்லை. ‘மீதி 2,500 அனுப்புங்கள்’ என்று பாக்கி கேட்டு எழுதுங்கள், சான்றிதழ் கேட்காதீர்கள்.

ராயபுரம்_லெட்ஜர் | மதியம் 2:30

இனி மெயிலுக்கு வருவோம். சின்ன கம்பெனிகளில் இதைப் படிப்பவருக்கு டிரேசஸ் லாகின் இருக்காது. அவர் அப்படியே ஆடிட்டர் ஆபீஸுக்கு ஃபார்வர்ட் செய்வார். அங்கே உட்கார்ந்திருக்கும் பையனுக்கு உங்கள் முகம் தெரியாது, பில் தெரியாது. அவன் டிரேசஸில் Downloads, Form 16A போய், நிதியாண்டும் காலாண்டும் தேர்ந்தெடுத்து, உங்கள் பானைத் தட்டித் தேட வேண்டும். சரிபார்ப்புக்கு அந்தக் காலாண்டின் டோக்கன் எண், ஒரு சலானின் விவரம், அதில் உள்ள சில பான்-தொகை ஜோடிகள் கேட்கும். அவனிடம் இருப்பது அவ்வளவுதான். ஆகவே உங்கள் மெயிலை வேறு எதையும் திறக்காமல் அவனால் வேலையை முடிக்க முடிகிற மாதிரி எழுத வேண்டும். ‘சென்ற ஆண்டு சான்றிதழ்’ என்று எழுதினால் எந்தக் காலாண்டு என்று திரும்பக் கேள்வி வரும், அதிலேயே பத்து நாள் போய்விடும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> பொருள்: 16ஏ சான்றிதழ் வேண்டி, 2024-25, காலாண்டு 1 முதல் 4, பான் [உங்கள் பான்]
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> 2024-25-ல் உங்கள் நிறுவனத்துக்கு (டான்: [எண்]) நான் அளித்த நான்கு பில்களில் 194ஜே பிரிவின்படி மொத்தம் ரூ.19,000 டிடிஎஸ் பிடிக்கப்பட்டது. விவரம்:
>
> கா.1, மே 2024 பில்: 40,000, டிடிஎஸ் 4,000. 26ஏஎஸ்-ல் உள்ளது.
> கா.2, ஆகஸ்ட் 2024 பில்: 45,000, டிடிஎஸ் 4,500. 26ஏஎஸ்-ல் உள்ளது.
> கா.3, நவம்பர் 2024 பில்: 45,000, டிடிஎஸ் 4,500. 26ஏஎஸ்-ல் இல்லை.
> 28.3.2025 பில்: 60,000, டிடிஎஸ் 6,000, பணம் வந்தது 12.4.2025. 26ஏஎஸ்-ல் இல்லை.
>
> வேண்டுவது மூன்று. முதல் இரண்டு காலாண்டுகளுக்கான 16ஏ. மூன்றாம் காலாண்டுக்கு, 26கியூ-வின் டோக்கன் எண்ணும் அதில் என் பெயருக்கு எதிரே உள்ள பான் எண்ணும். மார்ச் பில்லின் டிடிஎஸ் எந்தத் தேதியில் கணக்கில் ஏறியது என்ற தகவல்.
>
> பில் எண், தேதியுடன் நான்கு பில்களையும், பணம் வந்த வங்கிக் கணக்குப் பக்கங்களையும், பான் அட்டை நகலையும் இணைத்துள்ளேன். ஜூலை 5-க்குள் தெரிவித்தால் திருத்தம் தேவைப்பட்டாலும் ரிட்டர்ன் நாளுக்கு முன் முடிந்துவிடும்.
>
> நன்றி.

அக்கவுண்ட்ஸுக்கு To, உங்களுக்கு வேலை கொடுத்த மேனேஜருக்கு CC. முதலாளிக்கு வேண்டாம், இப்போதைக்கு. ரிட்டர்ன் தேதியை இந்த வருடம் செப்டம்பர் 15-க்குத் தள்ளியிருக்கிறார்கள், நேரம் இருக்கிறது. ஆனால் திருத்தப் படிவம் போட்டு, அது பிராசஸ் ஆகி, 26ஏஎஸ்-ல் ஏறுவது ஒரே நாளில் நடக்காது. அதற்குத்தான் ஜூலை 5.

பில் தொகையை முழுசாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். 26ஏஎஸ்-ல் 40,000 என்றுதான் இருக்கும், கையில் வந்த 36,000 அல்ல. ரிட்டர்னில் 36,000-ஐ வருமானமாகக் காட்டி 4,000 வரவும் கேட்பவர்கள் நிறையப் பேர். கணினி இரண்டையும் ஒப்பிட்டு நோட்டீஸ் அனுப்பிவிடும்.

கொருக்ஸ்_குமார் | மாலை 4:05

சரி சார், ஏத்துக்கிறேன். ஆனா மார்ச் பில்லுக்கு மட்டும் ஏன் ‘எந்தத் தேதில கணக்குல ஏறுச்சு’ன்னு கேக்கணும்? பில் தேதி மார்ச் 28, அப்போ நாலாம் காலாண்டுதானே?

ராயபுரம்_லெட்ஜர் | மாலை 4:40

பில் தேதி முக்கியமில்லை. கம்பெனி தன் கணக்கில் உங்கள் பெயருக்கு வரவு வைத்த நாள், பணம் கொடுத்த நாள், இவற்றில் எது முந்தியதோ அன்றைக்குத்தான் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். மார்ச் 31-க்குள் பில்லை என்ட்ரி போட்டிருந்தால் 2024-25 நாலாம் காலாண்டு. அப்படியானால் 26கியூ மே 31-க்குள், 16ஏ ஜூன் 15-க்குள் வந்திருக்க வேண்டும். பில்லை மேசையில் வைத்துவிட்டு ஏப்ரல் 12-ல் பணம் கொடுக்கும்போதுதான் என்ட்ரி போட்டார்கள் என்றால் அது 2025-26 முதல் காலாண்டு. 26கியூ ஜூலை 31, சான்றிதழ் ஆகஸ்ட் 15. இரண்டாவது நடந்திருந்தால் கம்பெனி மேல் இப்போது தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அது தெரியாமல் ‘நாலாம் காலாண்டு 16ஏ தரவில்லை’ என்று அடித்துச் சொன்னால், அந்த ஒரு தவறைக் காட்டி மெயில் முழுவதையும் ஒதுக்கிவிடுவார்கள்.

பெரம்பூர்_டிராயிங் | 27 ஜூன் 2025, இரவு 8:20

சார், நீங்கள் எழுதியபடியே 21-ம் தேதி அனுப்பினேன். இன்று பதில் வந்தது. முதல் இரண்டு காலாண்டு 16ஏ, பிடிஎஃப், கையெழுத்தோடு. மூன்றாம் காலாண்டு 26கியூ ஜனவரியிலேயே போட்டிருக்கிறார்கள், டோக்கன் எண்ணும் கொடுத்தார்கள். அதில் என் பானில் ஐந்தாவது எழுத்து மாறியிருக்கிறது. டிசம்பரில் ஆடிட்டர் ஆபீஸ் மாறியதாம், அங்கே விவரங்களைப் புதிதாக டைப் அடித்தார்களாம். திருத்தம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மார்ச் பில்லை ஏப்ரல் 12-ல்தான் என்ட்ரி போட்டார்களாம்.

வந்த 16ஏ-யில் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

ராயபுரம்_லெட்ஜர் | இரவு 9:00

நல்லது. 16ஏ-யில் மேலே டிரேசஸ் சின்னமும் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். எக்செல்லில் தட்டி சீல் குத்தித் தருவதெல்லாம் செல்லாது, 2012 ஏப்ரல் முதல் பிடித்த வரிக்கு டிபார்ட்மெண்ட் தளத்திலிருந்து இறக்கியதுதான் சான்றிதழ். பான், டான், தொகை, காலாண்டு நான்கும் 26ஏஎஸ்-ஓடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், போதும்.

திருத்தம் போட்டதும் அதற்கும் ஒரு டோக்கன் எண் வரும், அதையும் கேட்டு வாங்குங்கள். ‘போட்டாச்சு’ என்ற வார்த்தையை நம்பி உட்கார வேண்டாம். நவம்பர் வரி 26ஏஎஸ்-ல் F என்று ஏறின பிறகு அந்தக் காலாண்டு 16ஏ-யைக் கேளுங்கள், அதற்கு முன் கேட்டால் இறங்காது. தப்பான பானிலிருக்கும்போது இறக்கினால் அது யாருக்கும் பயன்படாத காகிதம்.

வியாசை_வேலு | இரவு 9:25

ஒருவேளை அவங்க திருத்தவே இல்லைன்னா? செப்டம்பர் வந்துடுச்சுன்னா?

ராயபுரம்_லெட்ஜர் | இரவு 9:50

வருமானம் 45,000-ஐயும் காட்டி, டிடிஎஸ் 4,500-ஐயும் கிளெய்ம் செய்து ரிட்டர்ன் போடலாம். 26ஏஎஸ்-ல் இல்லாததால் கணினி அந்த வரவைத் தராது, டிமாண்ட் வரும். பிடித்த வரியை உங்களிடமே திரும்ப வசூலிக்கக் கூடாது என்று 205-வது பிரிவு சொல்கிறது. அதை நிலைநாட்ட பில், வங்கிப் பக்கம், இந்த மெயிலுக்கு வந்த பதில் எல்லாம் தேவைப்படும். ‘பிடித்தோம், பானில் தப்பு’ என்று கம்பெனியே எழுதிய இன்றைய பதில் அதில் முக்கியமான சாட்சி, அழித்துவிடாதீர்கள். ஆனால் அந்த வழி நீளம். திருத்தம் வாங்குவதே மேல்.

பெரம்பூர்_டிராயிங் | இரவு 10:15

கடைசியாக ஒன்று. மார்ச் பில் 60,000 எந்த வருட வருமானம்? உத்தேச வருமானம் காட்டும் 44ஏடிஏ-வில் போடுகிறேன், தனியாகக் கணக்குப் புத்தகம் எழுதுவதில்லை.

கொருக்ஸ்_குமார் | இரவு 10:22

பணம் ஏப்ரல்ல வந்துச்சு, டிடிஎஸ்ஸும் 2025-26-ல வருது. அடுத்த வருஷம் காட்டுங்க, ரெண்டும் ஒண்ணா பொருந்திடும்.

வண்ணை_வாசுகி | இரவு 10:41

வேலை முடித்து பில் கொடுத்தது மார்ச்சில். எங்கள் ஆடிட்டர் அதை அந்த வருடத்திலேயே காட்டச் சொல்வார்.

ராயபுரம்_லெட்ஜர் | இரவு 11:05

இரண்டு பக்கமும் வாதம் உண்டு. 44ஏடிஏ-வில் பணம் வந்த கணக்கா, பில் போட்ட கணக்கா என்பதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. இதுவரை மூன்று வருடம் பணம் வந்த நாளை வைத்தே காட்டியிருந்தால் அதையே தொடருங்கள், குமார் சொல்வது சரியாக வரும். பில் தேதியை வைத்துக் காட்டிவந்தவர் இந்த ஒரு பில்லுக்காக மட்டும் மாற்றக் கூடாது. அப்படிக் காட்டினால் வருமானம் இந்த வருடம், டிடிஎஸ் அடுத்த வருடம் என்று பிரிந்துவிடும். அதைச் சரிசெய்ய 71-ம் எண் படிவம் இருக்கிறது, வரி பிடித்த நிதியாண்டு முடிந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முந்தின ரிட்டர்ன்களில் மார்ச்-ஏப்ரல் பில்கள் எப்படிக் காட்டப்பட்டிருக்கின்றன என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பெரம்பூர்_டிராயிங் | இரவு 11:12

2023-24 ரிட்டர்னை எடுத்துப் பார்க்கிறேன் சார். அந்த வருடமும் இதே கம்பெனிக்கு ஒரு மார்ச் பில் இருந்தது.